பதினோராவது பிழை

வெள்ளைப் பலகையின் உச்சியில் அந்த விதியை எழுதினது நான்தான். "ஆளைச் சொல்லாதே, நடந்ததைச் சொல்." சிவப்பு மார்க்கரால் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்துவிட்டேன். அப்போதே என் கை கூசியிருக்க வேண்டும். கூசவில்லை. எழுதிவிட்டுத் திரும்பி வந்து கதிரையில் இருந்த பிறகுதான், இந்த விதி வேறு யாரையும்விட எனக்குத்தான் வசதி என்பது உறைத்தது.

என் பெயர் மாகிரட். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கீழே கடை, மேலே எடிட்டிங் அறை. அந்த அறையின் ஜன்னலால் பார்த்தால் உள்துறைமுகம் தெரியும். கல்யாணங்களை வெட்டி ஒட்டி அலுத்துப்போய், போன வருடம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து "மட்டிக்காரி" என்று பதினெட்டு நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தோம். இயக்கமும் படத்தொகுப்பும் நான். கமெரா டினேஷ். அனுமதி, சாப்பாடு, வாகனம், காட்சித் தொடர்ச்சி எல்லாம் என் கூட்டாளி சுலோஜனா. ஒலி றுமைஸ். இருபத்தாறு வயது, குறிஞ்சாக்கேணிப் பிள்ளை. படத்தையும் அவனுடைய ஊரில், கடல்நீர் ஏறி நிற்கிற களப்பின் ஓரத்தில், பாதிக்கு மேல் அவனுடைய வீட்டிலேயே எடுத்தோம். அவனுடைய உம்மா நபீஸா ஒன்பது நாளும் எங்களுக்குச் சமைத்துப் போட்டார்.

கதை சின்னது. களப்பில் மட்டிச் சிப்பி பொறுக்குகிற ஒரு பெண், கோபித்துக்கொண்டு போன புருசனை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைசிக் காட்சியில் பொழுது படுகிறது. அவள் கை கால் முகம் கழுவிவிட்டுத் தொழுகைப் பாயை விரிக்கிறாள். அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்கிறது. வேலிப் படலை திறக்கிற சத்தம். படம் முடிந்தது.

முதல் காட்சியை அந்த ஊருக்குத்தான் காட்ட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு இஷா தொழுகை முடிந்த கையோடு, குறிஞ்சாக்கேணி விளையாட்டுத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் போட்டோம். நானூறு பேர் இருக்கும். பதினைந்து நிமிடம் ஒரு சத்தம் இல்லை. பிறகு பாங்கு தொடங்கியது. சனம் கொஞ்சம் அசைந்தது. "தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது" என்ற அர்த்தத்தில் வருகிற வரி வந்ததுதான் தாமதம், பின்னுக்கிருந்து ஒரு ஆம்பிளைக் குரல், "எழும்புங்கடா, விடிஞ்சிட்டு!" என்றது. திடலே சிரித்தது. அந்த வரி விடியப்புறம் சொல்கிற சுபஹ் பாங்கில் மட்டும்தான் வரும். எங்கள் படத்தில் சூரியன் அப்போதுதான் களப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

சிரித்தவர்களில் நான் கோபிக்க ஒரு ஆளும் இல்லை. சிரிக்காதவர்களைப் பார்க்கத்தான் ஏலாமல் இருந்தது. பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்த நபீஸா உம்மா தலையில் கிடந்த முந்தானையை இன்னும் முன்னுக்கு இழுத்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சவுண்ட் யார் பார்த்தது என்று அந்த ஊரில் ஒருவரும் கேட்கத் தேவையில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அந்தப் பாங்கை அங்கே வைத்தது றுமைஸ் இல்லை. நான்.

காட்சி நாள் பின்னேரம் மற்ற மூவரும் திரையோடு வான் வண்டியில் போய்விட்டார்கள். கடைசிப் பெயர்ப் பட்டியலில் ஒரு பெயர் பிழையாக இருந்தது. அதைத் திருத்திப் படத்தைத் திரும்பக் கணினியிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று நான் மட்டும் நின்றேன். அவ்வளவையும் செய்துவிட்டு நான் எழும்பிப் போயிருக்கலாம். போனேனா? கடைசிக் காட்சியை இன்னொருதரம் போட்டுப் பார்த்தேன். றுமைஸ் வைத்திருந்த மஃரிப் பாங்கு தூரத்தில், மெல்லிசாக, ஒரு எஞ்சின் வள்ளத்தின் இரைச்சலுக்குள் கேட்டது. முதலே இதைப் பற்றி அவனோடு வாய்த்தர்க்கப்பட்டிருக்கிறேன். "அந்த நேரம் அந்த இடத்துல அப்படித்தான் அக்கா கேக்கும்" என்று சொல்லியிருந்தான். எனக்கு மனம் ஆறவில்லை. அவனுடைய ஒலிக் கோப்புகளைக் கிண்டினேன். வேறொரு பாங்கு கிடைத்தது. பின்னால் காற்றும் இல்லை, வள்ளமும் இல்லை. பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் ஆதம்பாவாவின் அதே குரல், துலக்கமாக. பழையதைத் தூக்கிவிட்டு இதை வைத்து, சத்தத்தையும் கூட்டிவிட்டேன். எவ்வளவு நல்லாயிருக்கிறது என்று கண்ணும் கலங்கியது. கேடு கெட்ட கண்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் றுமைஸ் தன் குரலில் இடமும் நேரமும் சொல்லி வைப்பான். ஒலிக்காரர் எல்லோரும் செய்கிற வேலை அது. நான் அந்தப் பத்து விநாடியைத் தாண்டி, சத்தம் உயருகிற இடத்துக்கு நேரே போய்விட்டேன். மறுநாள் காலையில்தான் முன்னுக்குப் போய்க் கேட்டேன். "குறிஞ்சாக்கேணி, எங்கட வீட்டுக் கூரை, விடியப்புறம் நாலு நாப்பத்தேழு, சுபஹ் பாங்கு. படத்துக்கில்ல, எனக்கு" என்று றுமைஸ் நித்திரைக் குரலில் சொல்லியிருந்தான்.

திருகோணமலையில் பிறந்து முப்பத்தைந்து வருடம். ஒரு நாளைக்கு ஐந்து தடவை காதில் விழுகிற பாங்கு. அதில் எது விடியலுக்கு, எது அந்திக்கு என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. எனக்கு அது மணிக்கூட்டுச் சத்தம் மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான் அந்த ஊரைப் பற்றிப் படம் எடுத்தேன். இதை யாருக்குச் சொல்வது? நான் யாருக்கும் சொல்லவில்லை. ஒன்பது நாள்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மீளாய்வுக் கூட்டம் வைத்தோம். படத்தைக் காட்டிப் பத்து நாளுக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் மறந்துபோகும் என்று முதலே பேசி வைத்திருந்தோம். ஆளுக்கொரு தாளில் வீட்டிலேயே தனியே எழுதிக்கொண்டு வர வேண்டும், ஒருவர் சொல்வதைக் கேட்டு மற்றவர் மாற்றக்கூடாது. பலகையில் மூன்று பத்தி. நல்லாய்ப் போனது, பிழைத்தது, அடுத்த முறை மாற்றுவது. பிழைத்த ஒவ்வொன்றுக்கும் ஏன் பிழைத்தது என்று காரணம் வேண்டும், காரணத்துக்கு ஏற்ற மாற்றம் வேண்டும், அந்த மாற்றத்துக்கு ஒரு ஆள் பொறுப்பெடுக்க வேண்டும். ஒரு விசயத்துக்கு ஐந்து நிமிடம். சுலோஜனா போனில் நேரம் வைத்துக் குறிப்பெடுத்தாள். கூட்டத்தை நடத்தினது, வேறு யார், நான்தான்.

முதலில் நல்லதைச் சொல்வோம் என்றேன். டினேஷ் தாளை விரித்தான்.

"ஒண்டு, ஒவ்வொரு நாளும் பின்னேரம் கார்டைக் கழட்டின உடனே ரெண்டு டிஸ்கில கொப்பி எடுத்தது. ஒரு சொட்டும் துலையேல்ல. ரெண்டு, நபீஸா உம்மான்ர இறால் கறி. ஏன் சிரிக்கிறியள், எழுதுங்கோ. பசியோட கமெரா தூக்கிப் பாத்தால் தெரியும். மூண்டு, களப்புச் சத்தம். மட்டி கூடைக்குள்ள விழுற சத்தம் இருக்கெல்லோ, என்ர படத்தைவிட அதுதான் படம்."

றுமைஸ் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். நான் பலகையில் "களப்பு ஒலி" என்று எழுதினேன். கையெழுத்து கோணலாகப் போனது.

பிறகு பிழைகள். முதலாவது என்னுடையது. படத்தின் தொடக்கத்தில் துறைமுகப் பக்கம் ஒரு காட்சி வேண்டும் என்று ஆசைப்பட்டு, அனுமதிக் கடிதத்தைப் படப்பிடிப்புக்கு ஒரு கிழமைக்கு முன்தான் கொடுத்தோம். பதில் படம் எடுத்து முடிந்த பிறகு வந்தது. காவலுக்கு நின்றவர்கள் கமெராவை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார்கள், அரை நாள் வீண். "ஏன் பிந்தினது?" என்று சுலோ கேட்டாள். "'அதெல்லாம் பாத்துக்கொள்ளலாம்' எண்டு நான் சொன்னனான்" என்று உடனே ஒப்புக்கொண்டேன். மாற்றம்: திகதி குறிக்க முதல் கடிதம் கையில் இருக்க வேண்டும். பொறுப்பு சுலோ. எவ்வளவு பெருந்தன்மையாகப் பிழையை ஒப்புக்கொள்கிறேன் பாருங்கள் என்று நிமிர்ந்து நின்றேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இரண்டாவது, அந்திக் காட்சி. நல்ல வெளிச்சம் இருபது நிமிடம்தான் நிற்கும். நாங்கள் ஆறு கோணம் போட்டு வைத்திருந்தோம். மூன்றுதான் முடிந்தது, மிச்சத்தை மறுநாள் எடுத்தோம், மறுநாள் வானம் வேறு நிறம். அடுத்த முறை அந்தி வெளிச்சத்துக்கு மூன்று கோணத்துக்கு மேல் போடக்கூடாது, அதற்கு முதல் நாளே நடித்துப் பார்த்து வைக்க வேண்டும் என்று டினேஷ் சொன்னான். மூன்றாவது, தண்ணீரில் நனைந்த பாவாடை அடுத்த காட்சியில் காய்ந்திருந்தது. "நான் போட்டோ எடுக்க மறந்திட்டன், வேறொரு காரணமும் இல்லை" என்று சுலோ சொன்னாள். நாலாவதை றுமைஸே எடுத்தான்.

"சமையல் குசினிக்குள்ள வெறும் சத்தம் எடுக்கல்ல. ஆக்கள் கதைக்காம அரை நிமிசம் சும்மா இருந்தா, அந்த அறைட சத்தம் கிடைக்கும். அது இல்லாம வசனத்த வெட்டின இடமெல்லாம் ஓட்டை விழுந்திட்டு. எல்லாரும் அண்டைக்குக் களைச்சுப் போயிருந்தாங்க. வாய மூடுங்க எண்டு சொல்ல எனக்கு வெக்கமாப் போயிட்டு."

"இனி நான் கத்திறன், எல்லாரும் வாயை மூடுவினம்" என்றாள் சுலோ. அதையும் எழுதினோம்.

இப்படியே பத்து வரைக்கும் போனது. கூட்டம் நல்லாகத்தான் போனது. உண்மையைச் சொன்னால் ஒவ்வொரு பிழையும் எவ்வளவு லேசாகத் தீர்கிறது என்று நாலு பேருக்கும் கொஞ்சம் சந்தோசம்கூட. பதினோராவது பிழை எல்லோருடைய தாளிலும் இருந்தது, என்னுடைய தாளைத் தவிர. டினேஷ் தொண்டையைச் செருமினான்.

"சரி. பாங்கு."

நான் "11. பாங்கு" என்று எழுதினேன். சுலோ போனில் ஐந்து நிமிடத்தைத் தட்டிவிட்டு, "ஏன் நடந்தது?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டு றுமைஸைப் பார்த்தாள். டினேஷும் பார்த்தான். நானும் பார்த்தேன். அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை, நானும் சேர்ந்து அவனைப் பார்த்தேன்.

"சவுண்ட் என்ர பொறுப்பு. பிழை என்ர" என்றான் றுமைஸ்.

"பெயர் வேண்டாம், விதி இருக்கு" என்று நான் குறுக்கே விழுந்தேன். "'ஒலிக் கோப்பு மாறிவிட்டது' எண்டு எழுதுவம்."

"கோப்பு தானா மாறுமோ அக்கா? கால் முளைச்சு நடந்து வந்ததோ?" டினேஷுக்குச் சூடு ஏறிவிட்டது. "பாவாடை காயிறதும் இதும் ஒண்டில்லை. நான் ஒரு வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன், நான் மாறி வைச்சாலும் பரவாயில்லை. இவன் அந்த ஊர்ப் பொடியன். பாங்கு கேட்டு வளந்தவன். அந்தச் சனம் எங்களைப் பாத்துச் சிரிக்க வைச்சிட்டான். றுமைஸ், கோவிக்காத. கடைசியா ஒருக்காப் போட்டுக் கேட்டனியா இல்லையா?"

"கேக்கல்ல" என்றான் றுமைஸ். அது உண்மை. நான் மாற்றினதை அவன் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்க நான் கொடுக்கவில்லை.

"அப்ப காரணம், கவனமில்லை. மாற்றம் என்ன?" சுலோ பேனையோடு காத்திருந்தாள்.

டினேஷ் கொஞ்சம் தணிந்து, "முனீப் எண்டு மட்டக்களப்பில ஒருத்தன் இருக்கிறான், நல்லாச் செய்வான். அடுத்த படத்துக்கு அவனைக் கேப்பம். றுமைஸ் உதவிக்கு நிக்கட்டும்" என்றான். "உனக்கு ஓமா?"

"ஓம். அது நல்லம்" என்றான் றுமைஸ். முகத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த படத்துக்கென்று இரவல் வாங்கின ஒரு மைக்கை அவன் கூட்டத்துக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தான். அதை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டான்.

"மாகிரட், எழுது" என்றாள் சுலோ.

மூன்றாவது பத்தியில், பதினொன்றுக்கு நேரே, "ஒலி: மு" என்று எழுதினேன். அதற்குமேல் கை போகவில்லை. மற்றப் பத்துப் பிழைக்கும் உண்மையான காரணத்தை எழுதியதால் சரியான மாற்றம் வந்தது. இதற்குப் பொய்க் காரணத்தை எழுதிப் பொய் மாற்றத்தைச் செய்யப்போகிறோம். எங்களில் வேலை தெரிந்த ஒருவனைத் தள்ளிவிட்டு, பிழை விட்ட நான் அடுத்த படத்திலும் அதே கதிரையில், அதே கணினிக்கு முன்னால் இருக்கப்போகிறேன். திரும்பவும் கடைசி நேரத்தில் கையை வைப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

"நான்தான் மாத்தினனான்" என்றேன் பலகையைப் பார்த்தபடி.

திரும்பினேன். "அவன் வைச்சது சரியான பாங்கு. காட்டின அண்டு பின்னேரம் நீங்கள் வானில போனாப் பிறகு நான் அதை எடுத்துப்போட்டு வேற வைச்சனான். துலக்கமாக் கேட்டது எண்டு. ஆரிட்டையும் கேக்கேல்லை. அது சுபஹ் பாங்கு எண்டு எனக்குத் தெரியாது."

"எப்ப தெரியும்?" என்று டினேஷ் கேட்டான்.

"அடுத்தநாள் காலமை."

"ஒம்பது நாளா?" அவன் எழும்பிவிட்டான். "சீ! ஒம்பது நாளா வைச்சுக்கொண்டு இருந்தனீங்களா? இப்ப நான் இவனை ஏசேக்கையும் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்!"

சுலோ கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "அண்டைக்குத் திரும்பி வானில வரேக்க நீ என்ர காதுக்குள்ள என்ன சொன்னனீ எண்டு ஞாபகம் இருக்கோ?" என்றாள். "'அவனை ஒண்டும் கேக்காதை, பாவம், பொடியன் நொந்துபோயிருக்கிறான்' எண்டு. நான் நினைச்சன், மாகிரட்டுக்கு எவ்வளவு நல்ல மனம் எண்டு."

சொன்னேன்தான். வானில் வரும்போதும் எனக்குத் தெரியும், அந்தக் கோப்பை வைத்தது நான் என்று. எது சுபஹ் எது மஃரிப் என்றுதான் இன்னும் சரியாகத் தெரியாது. அவனுக்கு இரக்கப்படுகிற மாதிரி நடித்து, கேள்வி என் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டேன். எனக்கு நின்ற இடத்திலேயே நிலம் பிளக்கக்கூடாதா என்றிருந்தது.

"எனக்குத் தெரியும் அக்கா" என்றான் றுமைஸ்.

மூன்று பேரும் அவனைப் பார்த்தோம்.

"பாங்கு தொடங்கின உடனேயே தெரியும். அது என்ர வீட்டுக் கூரைல நான் எடுத்தது. எனக்கெண்டு எடுத்தது. உங்கட கணினில மட்டும்தான் இருந்திச்சி."

"பிறகேன்டா வாய் திறக்கேல்ல?" டினேஷ் அழாத குறையாகக் கேட்டான்.

"யாருக்கிட்டச் சொல்ற? நானூறு பேர் சிரிச்சிக்கிட்டு இருக்காங்க. றுமைஸ் மாறி வெச்சிட்டானெண்டா, கவனமில்லாத பொடியன் எண்டு கதை அதோட முடியும். வெளில இருந்து வந்த ஆக்கள் பாங்கில கை வெச்சிட்டாங்கண்டு வந்தா அது அதோட முடியாது. பேஸ்புக்கில போடுவாங்க. படமும் போயிரும், நீங்களும் அந்தப் பக்கம் வரேலாது. அடுத்த நாள் நானே பள்ளிவாசலுக்குப் போய், மோதினாருக்கிட்டயும் நிருவாகத்துக்கிட்டயும் என்ர பிழையெண்டு சொல்லிட்டன்." மடியில் கிடந்த மைக்கின் வயரைச் சுற்றினான். "நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டிருந்தன். இண்டைக்குக் கூட்டத்தில கட்டாயம் சொல்லுவீங்க எண்டு நினைச்சன். பலகைல மேல அத எழுதினீங்க பாருங்க, அப்பதான் சொல்ல மாட்டீங்க எண்டு விளங்கிட்டு."

நான் மேலே பார்த்தேன். "ஆளைச் சொல்லாதே." டஸ்டரைத் தேடக்கூடப் பொறுமையில்லை, கையாலேயே அழித்தேன். "மு" வையும் அழித்தேன். காரணம் என்ற இடத்தில் "மாகிரட் ஒருவரிடமும் கேட்காமல் ஒலியை மாற்றினாள், பிறகு மறைத்தாள்" என்று எழுதினேன். மாற்றத்தை சுலோ சொல்லச் சொல்ல எழுதினேன். ஒலி முடிந்தது என்று ஒலிக்காரர் சொன்ன பிறகு ஒருவரும் தொடக்கூடாது. தொட வேண்டி வந்தால் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கடைசிப் பிரதியை நாலு பேரும் சேர்ந்து முழுக்கப் பார்க்காமல் வெளியே கொண்டுபோகக்கூடாது. எந்த ஊரைப் பற்றி எடுக்கிறோமோ அந்த ஊர் ஆள் ஒருவருக்கு முதலில் காட்ட வேண்டும். பொறுப்பு என்ற இடத்தில் றுமைஸ் என்று டினேஷ் சொன்னான். அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு சொன்னான், "டேய், நான் கதைச்சதை மனசில வைச்சிருக்காத."

"றுமைஸ், என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன். இவ்வளவு சின்னச் சொல், எப்படி இவ்வளவு நாள் தொண்டையில் கிடந்தது?

"இங்க சொன்னது நல்லம் அக்கா" என்றான். "ஆனா உம்மா இங்க இல்லையே."

நான் ஸ்கூட்டியின் சாவியை எடுத்தேன். "கூட்டம் முடியேல்லையே" என்றான் டினேஷ். "நீங்கள் முடியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். றுமைஸைக் கூப்பிட்டேன். "நான் வரல்ல. நீங்க போங்க" என்றான்.

கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிக் குறிஞ்சாக்கேணிக்கு, வழி முழுக்க என்ன சொல்வதென்று வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். தொழில்நுட்பக் கோளாறு என்று ஒரு சொல் வந்தது. பளாரென்று என் கன்னத்தில் நானே போட வேண்டும் போலிருந்தது. வெயில் தாழ்ந்து, களப்பில் மட்டி எடுத்தவர்கள் கரையேறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் என்னை அடையாளம் கண்டு சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பா, கேலிச் சிரிப்பா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நபீஸா உம்மா வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, "வாங்க மகள், வாங்க, இரிங்க" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் வாயைத் திறக்குமுன் தேத்தண்ணியும் வந்துவிட்டது. கோப்பையை என் கையில் தந்துவிட்டு, அவர் நின்றுகொண்டே சொன்னார்:

"நானே டவுனுக்கு வந்து உங்களக் காண இருந்தன். என்ர புள்ள உங்கட படத்தக் கெடுத்துப்போட்டான் மகள். எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்த படம். நீங்க வெயிலுக்க நிண்டு எடுத்தத்த நான் என்ர கண்ணால பாத்தன் தானே. மன்னிச்சிக்கங்க. ஒரு தரம் மன்னிச்சி, அவன உட்டுராதீங்க. இந்த வேலையெண்டா அவனுக்கு உசிரு."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். ஒத்திகை பார்த்த ஒரு சொல்லும் வரவில்லை.

"உம்மா, அது அவன் செய்யேல்லை. நான் செய்தது. அவன் சரியானதைத்தான் வைச்சவன், நான் அவனுக்குத் தெரியாமல் மாத்திப்போட்டன். மாத்தினதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பயத்தில ஒளிச்சிட்டன்."

அவருக்கு உடனே விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்வது முதல் தரத்தைவிடக் கொடுமை.

"அவனுக்குத் தெரியுமா, நீங்கதான் எண்டு?"

"ஓம். பாங்கு தொடங்கின உடனேயே தெரியுமாம்."

நபீஸா உம்மா மெதுவாக நிலத்தில் இருந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கோபிப்பார் என்று நினைத்தேன். ஏசினால் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்றுதான் வந்தேன்.

"ஊர்ப் பொம்பிளைகள் வந்து கேட்டாங்க மகள், உன்ர மகனுக்குப் பாங்கு வித்தியாசம் தெரியாதாண்டு. அவங்கட வாப்பா மௌத்தாகி பதினாலு வருசம். தனிய நிண்டு வளத்தன். இதையும் சொல்லிக் குடுக்காமலா வளத்தன் எண்டு எனக்குத் தாங்க ஏலாமப் போயிட்டு. ஒம்பது நாளா நான் அவனோட கதைக்கல்ல. சோத்தப் போட்டு மூடி வெச்சிட்டு உள்ளுக்குப் போயிருவன். அவன் திண்டுட்டு, கோப்பையக் கழுவி வெச்சிட்டுப் படுத்திருவான். உம்மா எண்டு ரெண்டு மூணு தரம் கூப்பிட்டான். நான் திரும்பியும் பாக்கல்ல. அப்பயும் உங்கட பேரச் சொல்லல்ல."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. என் கையில் இருந்த போனைக் காட்டி, "அவனுக்கு எடுத்துத் தாங்க" என்றார்.

எடுத்தேன். மணி போனது. அவன் எடுத்ததும் அவருடைய காதில் வைத்துவிட்டேன். அவர் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. திரும்பத் திறந்தார். கண்ணீர்தான் வழிந்தது.

"அக்கா?" என்று அந்தப் பக்கம் அவன் கேட்பது எனக்கும் கேட்டது. "சொல்லுங்க அக்கா. உம்மாக்கிட்டச் சொல்லிட்டீங்களா? உம்மா என்ன சொன்னாங்க?"